நாக்குக்குத் தெரியாத சங்கதி

சிங்கப்பூரில் ஹில் ஸ்ட்ரீட் தாய் ஹ்வா என்று ஒரு நூடுல்ஸ் கடை. அங்காடிக் கடையாக நெடுங்காலம் நடந்துவந்த அதற்கு 2016இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. உலகத்தில் பெரிய பெரிய ஹோட்டல்களே தவங்கிடக்கும் பெருமை அது. நான்கு ஆண்டு கழித்து, 2020 ஜூலையில், அதே கடையை அந்நாட்டு உணவு அதிகாரிகள் இரண்டு கிழமைக்கு மூட வைத்தார்கள். சமையலில் பிழை இருக்கவில்லை, சுத்தத்தில் இருந்தது. நட்சத்திரம் கொடுத்தவர் ஏமாந்துவிட்டார் என்றோ அதிகாரி பழி தீர்த்தார் என்றோ இதைப் படிக்க வேண்டியதில்லை. ஒருவர் நாக்கை வைத்துத் தீர்ப்புச் சொன்னார், மற்றவர் இடத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் நம் ஊரில் வீதியோரக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள். ‘சுவை அபாரம், சுத்தம் சுமார், ஐந்துக்கு மூன்றரை’ என்று முடிக்கிறார்கள். அந்த மூன்றரையில் யாருக்கும் பயனில்லை. அபாரமான கொத்து என்பதற்காக வயிற்றுப்போக்கில் அரைவாசி குறையப்போவதில்லை. சுத்தமான கடை என்பதற்காகச் சப்பென்ற கொத்து ருசிக்கப் போவதுமில்லை. சுவைக்கும் சுத்தத்துக்கும் வேண்டிய சாட்சியமே வேறு வேறு. அதனால் அவற்றுக்கு வேறு வேறு தீர்ப்பு எழுதுவதுதான் கடைக்காரருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நியாயம்.

சுவையை எடுத்துக்கொண்டால் எழுதுகிறவரின் நாக்கே போதுமான சாட்சி. அவருக்கு உறைப்பு அதிகமாகப் பட்டது என்றால் பட்டதுதான், அதை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. கேட்க வேண்டியதெல்லாம் அந்தச் சாட்சியை விவரமாகச் சொன்னாரா என்பது மட்டுமே. திருகோணமலையில், லிங்கநகர் போன்ற ஒரு குடியிருப்பின் சந்தியில், பின்னேரம் ஆறு மணிக்குக் கல்லைச் சூடாக்கும் கொத்துக்கடையை வைத்துக்கொள்வோம். (ஒரு குறிப்பிட்ட கடையைச் சொல்லவில்லை, கிழக்கு மாகாணத்தில் எங்கும் காணக்கூடிய ஒன்று.) ‘சூப்பர் கொத்து’ என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. வீச்சு ரொட்டி அன்றைக்குச் சுட்டதா, காலையில் சுட்டு அடுக்கி வைத்ததா? காய்ந்த ரொட்டி கொத்தும்போது பொடிந்துபோகும், புதிது நாராகப் பிரிந்து குழம்பை உறிஞ்சும். லீக்ஸும் கரட்டும் வெந்து குழைந்தனவா, பல்லில் படுகின்றனவா? குழம்பைக் கல்லிலேயே விட்டுப் பிரட்டினாரா, கோப்பையில் போட்ட பிறகு மேலே ஊற்றினாரா? எட்டு மணிக் கூட்டத்தில் ஒரே அடியாக ஆறு பேருக்குக் கொத்தினால், தனியாக ஒருவருக்குக் கொத்தியதன் கருகல் வாசம் அதில் வராது. இவற்றைச் சொன்னால் வாசகர் தன் நாக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். கொத்துக்கடையைக் கொத்துக்கடைகளோடுதான் ஒப்பிட வேண்டும், நட்சத்திர ஹோட்டல் சமையலோடு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சுவை பற்றி அதற்கு மேல் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை.

சிக்கல் சுத்தத்தில் இருக்கிறது. ‘அசுத்தமான கடை’ என்பது எழுதுகிறவரின் அனுபவத்தைச் சொல்லும் வசனம் அல்ல. அது இன்னொருவரின் தொழில் மேல் வைக்கும் குற்றச்சாட்டு, உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடியது. அதைச் சொல்ல, நோய் உண்டாக்கும் கிருமி எங்கே வளர்கிறது, எங்கே சாகிறது என்ற அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளியது. 5 பாகை செல்சியசுக்குக் கீழே கிருமி மெதுவாகத்தான் பெருகும், 60 பாகைக்கு மேலே பெருகாது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் சமைத்த உணவுதான் ஆபத்து, அதை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் வெளிச் சூடே முப்பதைத் தாண்டி நிற்கும். அதாவது கடையில் உள்ள எல்லாப் பாத்திரமும், நெருப்பிலோ பனிக்கட்டியிலோ இல்லாவிட்டால், அந்த ஆபத்தான நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொத்துக்கல்லைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஆட்கள் முகஞ்சுளிக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் ஆபத்தில்லாத இடம். வெறுங்கையால் மா பிசைகிறார், வியர்வையோடு நிற்கிறார், கல்லின் ஓரத்தில் கருகல் படிந்திருக்கிறது, தறப்பாள் கிழிந்திருக்கிறது. பிசைந்த மா பிறகு கல்லில் சுடப்படுகிறது. கொத்தும் கல் தண்ணீர்த் துளி விழுந்தால் சீறி மறையும் சூட்டில் இருக்கிறது. அதன்மேல் முட்டையும் மரக்கறியும் ரொட்டியும் இரண்டு தகடுகளின் கீழே நிமிடக்கணக்கில் புரண்டு எழுகின்றன. வழியில் வந்த சாதாரணக் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே முடிந்துவிடும். ஒரு வீதியோரச் சாப்பாட்டில் இவ்வளவு நேரம் நம் கண் முன்னாலேயே நெருப்பில் நிற்கும் பண்டம் வேறு அதிகம் இல்லை. அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக் கூட்டம் சேர்வது போல, அந்தச் சத்தத்தை ஒரு பாதுகாப்பு அறிகுறியாகவும் எடுக்கலாம்.

ஆனால் கொத்து கல்லில் தொடங்கவுமில்லை, கல்லில் முடியவுமில்லை. தொடங்குவது கோழிக் குழம்புச் சட்டியில். மத்தியானம் இரண்டு மணிக்குச் சமைத்த பெரிய சட்டி அது. அடுப்பு கொத்துக்கல்லுக்கு வேண்டும், ஆகவே சட்டி கீழே இறக்கி மூடி வைக்கப்படும். பெரிய சட்டியின் நடுப்பகுதி மெல்லத்தான் ஆறும். பல மணித்தியாலம் அது வெதுவெதுப்பாகவே கிடக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் என்ற ஒரு கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பும். குழம்பு நாற்பது, நாற்பத்தைந்து பாகைக்கு இறங்கும்போது முளைத்து, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். இரவு எட்டு மணிக்கு அந்தச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கல்லில் விட்டுப் பிரட்டினால் அது மறுபடியும் கொதிக்கும், ஆபத்துக் குறையும். அதே கரண்டிக் குழம்பைக் கோப்பையில் கொத்தின் மேலேயோ பார்சலில் தனிப் பையிலோ ஊற்றித் தந்தால் கொதி இல்லை. சட்டியில் வளர்ந்தது அப்படியே வாய்க்குப் போகும். குழம்பு கெட்டிருந்தால் புளிக்கும், மணக்கும் என்று நம்புகிறோம். இந்தக் கிருமி பெருகிய குழம்பு புளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாக்கு அதைக் கண்டுபிடிக்காது. சட்டி சின்ன அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கிறதா, ஆவி வருகிறதா, தரையில் இறக்கி வைத்திருக்கிறதா? ஒரு நல்ல விமர்சகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இதைக் கடை வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

கல்லுக்குப் பிறகு வருபவை இரண்டாவது. இறால் வடை வாங்கினால் மேலே பச்சை வெங்காயமும் தேசிப்புளியும் வரும். கொதித்த எண்ணெயிலிருந்து எழுந்த வடையின் மேல், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்று தெரியாத பச்சை வெங்காயம். வடைக்குக் கிடைத்த பாதுகாப்பு வெங்காயத்துக்கு இல்லை. காசு வாங்கிய கை அடுத்த நொடியில் அதை அள்ளினால் நிலைமை இன்னும் மோசம். கோப்பை கழுவும் வாளி வேறு. ஒரே வாளித் தண்ணீரில் முப்பது கோப்பை முக்கி எடுத்தால், முப்பதாவது கோப்பைக்கு அந்தத் தண்ணீர் கழுவல் அல்ல, பூச்சு. சில கடைகளில் கோப்பையின் மேல் மெழுகுத்தாளோ வாழையிலையோ போட்டுத் தருவதை ஆடம்பரமாக நினைக்கக் கூடாது. வாளித் தண்ணீர் போதாத கடைக்குக் கிடைத்த புத்திசாலித்தனமான பதில் அது. கையுறையை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கையுறை போட்ட கை காசும் வாங்கி, துணியும் பிடித்து, வெங்காயமும் அள்ளினால் அது கழுவாத கைதான். ஆனால் கையுறையைப் படத்தில் பார்த்ததும் ஒரு நட்சத்திரம் கூட்டிக் கொடுக்கிறார்கள்.

சுத்தம் பற்றி எழுதும்போது ஊகத்தை விட்டுவிட்டு இப்படிப்பட்ட நாலைந்து விஷயங்களை நேரத்தோடும் தேதியோடும் எழுதினாலே போதும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ‘கோழிக்குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் காசுக்கு, ஒருவர் கல்லுக்கு. கோப்பை கழுவப் பைப்பு உண்டு. வெட்டிய வெங்காயம் மூடாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி.’ இப்படி எழுதினால் கடைக்காரர் வெங்காயத்துக்கு மூடி வாங்குவார். ‘சுத்தம் பத்தாது’ என்று எழுதினால் அவர் எதை வாங்குவது?

இனி, சாப்பிட்டுவிட்டு வருத்தம் வந்தவர்கள் எழுதுவது. ‘நேற்று இரவு இங்கே கொத்துச் சாப்பிட்டேன், விடியற்காலையில் வாந்தி’ என்ற ஒரு வரி ஒரு கடையை ஒரு மாதம் படுக்க வைக்கும். அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டபைலோகொக்கஸ் உணவில் விட்டுவைக்கும் நஞ்சு ஒரு மணியிலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் வாந்தியாக வரும். சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. சட்டியில் வளரும் பெர்பிரிஞ்சென்ஸ் பெரும்பாலும் எட்டிலிருந்து பதினாறு மணித்தியாலத்தில் வயிற்று வலியும் போக்குமாக வரும். சல்மொனெல்லாவுக்கு ஆறு மணித்தியாலமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். நெருப்புக் காய்ச்சலுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிழமை, ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக நாலு கிழமை. ஆகவே விடியற்காலை வாந்திக்குக் கொத்து காரணமாக இருக்கலாம்தான். அதேயளவு சாத்தியத்தோடு மத்தியானம் வீட்டில் சாப்பிட்ட சோறோ, முந்தநாள் கல்யாண வீட்டுச் சாப்பாடோ, குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வைரஸோ காரணமாக இருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்ட வெளிச்சாப்பாட்டின் மேல் பழி போடுவது மனித இயல்பு. ஒருவர் சொல்வது ஓர் ஐயம். ஒன்றாகச் சாப்பிட்ட ஐந்து பேரில் கோழிக் கொத்து எடுத்த நாலு பேருக்கும் ஒரே இரவில் வருத்தம், முட்டைக் கொத்து எடுத்தவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது சாட்சியம். எழுதுகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கு எதிராக முதலில் வரும் பேச்சு, ‘இருபது வருசமாக அங்கே சாப்பிடுகிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கூட்டத்தைப் பார்த்தாலே தெரியாதா?’ என்பது. கூட்டத்தில் ஓரளவு உண்மை உண்டு. கூட்டம் உள்ள கடையில் சட்டி சீக்கிரம் காலியாகும், நேற்றைய இறைச்சி இன்றைக்கு மிஞ்சாது. ஆனால் கூட்டம் இன்னொரு வேலையும் செய்யும். கோழி வேகும் முன்னே தட்டுக்கு வரும், கை கழுவ நேரமிருக்காது, இரண்டாவது சட்டி முன்கூட்டியே சமைத்துத் தரையில் காத்திருக்கும். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளி மாணவி இறந்தார். நோய்க்கு ஷிகெல்லா என்ற கிருமி காரணம் என்று கண்டார்கள். 2023 செப்டெம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பதினாலு வயதுச் சிறுமி இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஷவர்மாவும் ஒரு வகையில் கொத்தின் எதிர்ப்பக்கம்தான். இறைச்சி வெளிப்புறம் மட்டும் வெந்து உள்ளே வேகாமல் சுழலலாம், மேலே பச்சை முட்டை மயோனைஸ் வரும். 2025 ஏப்பிரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்த மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தபோது கடைகளின் புகழைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பண்டத்தின் செய்முறையைத்தான் தடுத்தது. இருபது வருசக் கதையைச் சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டியது, கடை இருபது வருசமாக விற்பது அதே பண்டமா என்பதைத்தான். கொத்தோடு நின்ற கடை ‘சீஸ் கொத்து’, ‘மயோ கொத்து’ என்று போகும்போது பழைய சான்றிதழ் புதுப் பண்டத்துக்குச் செல்லாது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. சுத்தம் பார்ப்பதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார், அது அவர் வேலை, எழுதுகிறவர் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. எச்800 என்ற படிவத்தை வைத்துச் சாப்பாட்டுக்கடைகளைப் பார்த்து ஏ, பி, சி, டி எனத் தரமும் போடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊழியருக்கு மருத்துவச் சான்று உண்டா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், சாப்பிட வந்தவருக்குத் தெரியாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பரிசோதகர் வருவது பெரும்பாலும் பகலில், கொத்துக்கடை நடப்பது இரவில். அத்தோடு தரச் சீட்டு எவ்வளவு சொல்லும் என்பதும் தீர்ந்துபோன கேள்வி அல்ல. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 1998இல் உணவகங்களின் வாசலில் எழுத்துத் தரத்தை ஒட்ட வைத்தது. உணவு வழி நோயால் ஆஸ்பத்திரிக்குப் போவது அதனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2003இல் ஜின், லெஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் எழுதினார்கள். உலகம் முழுவதும் பல நகரங்கள் அந்த ஆய்வைக் காட்டிச் சீட்டு ஒட்டத் தொடங்கின. 2019இல் டானியல் ஹோவும் சகாக்களும் கூடுதல் தரவுகளோடு அதே கணக்கை மறுபடி போட்டபோது அந்தக் குறைவு காணாமல் போனது. அதற்கு முந்திய ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவில் பரவிய சல்மொனெல்லா தானாக அடங்கியதுதான் சீட்டின் வெற்றியாகத் தெரிந்திருக்கிறது. இதனால் பரிசோதனையே வேண்டாம் என்றாகாது. வாசலில் உள்ள எழுத்தை நம்பி விமர்சகர் கண்ணை மூட முடியாது என்றும், தன் நட்சத்திரத்தை அந்த எழுத்துக்குப் பதிலாக வைக்க முடியாது என்றும்தான் ஆகும். பரிசோதகர் செய்வது சோதனை, எழுதுகிறவர் செய்வது பார்வை. பார்த்ததைப் பார்த்ததாக மட்டும் சொன்னால் இரண்டும் மோதாது.

மூன்றாவது எதிர்ப்பு வயிற்றுப்பிழைப்பு. வீதியோரக் கடைக்காரருக்கு ஒரு கெட்ட வரி என்பது அடுத்த மாதக் கடன் தவணை. இதை உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் இந்த விமர்சனங்களில் ஓர் ஓரவஞ்சனை உண்மையாகவே இருக்கிறது. வண்டிக்கடையில் சமையலறை வீதியில் இருக்கிறது, ஆகவே வாளியும் துணியும் படத்தில் விழுகின்றன. ஏசி ஹோட்டலில் சமையலறை கதவுக்குப் பின்னால். அங்கே உள்ள துணியை யாரும் பார்த்ததில்லை, பார்க்காததாலேயே அது சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். மேசை விரிப்பு வெள்ளையாக இருப்பது மத்தியானக் குழம்பை எத்தனை பாகையில் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லாது. ஆகவே வீதிக்கடையைப் பற்றி எழுதும் அளவுகோலால் ஹோட்டலையும் அளக்க முடியாவிட்டால், ‘சமையலறையைப் பார்க்கவில்லை’ என்று ஒரு வரி அங்கேயும் எழுத வேண்டும். அடுத்தது, கடைக்காரர் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிப்பது. பக்கத்து வாய்க்கால் நாறுகிறது, சந்தியில் பொதுக் குழாய் இல்லை, குப்பை எடுக்க வண்டி வரவில்லை. இவற்றைச் செய்ய வேண்டியது உள்ளூராட்சி சபை. இவற்றுக்குக் கடையின் புள்ளியைக் குறைப்பது, மழையில் நனைந்தவனைக் குடை பிடிக்கவில்லை என்று அடிப்பதற்குச் சமம். வாளித் தண்ணீரை அரை மணிக்கு ஒரு தடவை மாற்றலாம், குழம்பை அடுப்பில் வைக்கலாம், காசுக்கு ஒரு ஆளை நிறுத்தலாம். இவை அவர் கையில் இருக்கின்றன, இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை. சிங்கப்பூர் 1970களிலும் 80களிலும் வீதி வியாபாரிகளைக் குழாய்த் தண்ணீரும் கழிவு வாய்க்காலும் உள்ள அங்காடி மையங்களுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கடைக்கு எழுத்துத் தரம் போடத் தொடங்கியது. முதலில் குழாய், பிறகு புள்ளி. நம் ஊரில் குழாய் வராமலே புள்ளி வந்துவிட்டது.

பிழைப்பைக் காரணம் காட்டி எதையும் எழுதாமல் விடுவதற்கும் நான் உடன்படவில்லை. அந்தக் கடையில் சாப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும்தான். ஒரு நாள் வயிற்றுப்போக்கு அவர்களுக்கும் ஒரு நாள் சம்பளம். மூடாத வெங்காயத்தைப் பார்த்தால் எழுதுவதற்கு முன் கடைக்காரரிடமே சொல்லலாம், அவர் சொல்லும் பதிலையும் சேர்த்து எழுதலாம். ஒரு தடவை பார்த்ததை ஒரு தடவை பார்த்ததாகவே எழுதலாம். இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் போய் மாற்றம் இருந்தால் பழைய வரியைத் திருத்தலாம். சந்தேகம் அதையும் தாண்டி, பலருக்கு ஒரே நேரத்தில் வருத்தம் என்ற அளவுக்குப் போனால், அப்போது எழுத உட்காருவது தவறான வேலை. உணவு நஞ்சாதல் இலங்கையில் வைத்தியர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உடனே போக வேண்டும். பரிசோதகர் அன்றைக்கே வந்தால் மிஞ்சிய குழம்பில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். விமர்சனம் எழுதி, அதற்குப் பதில்கள் வந்து, வாக்குவாதம் முடியும் வரை காத்திருந்தால் அந்தச் சட்டி கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும்.